மாத்திரை கேட்காத வலியா, நேரத்துக்குக் கொடுக்காத மாத்திரையா?

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்க கம்பம் பக்கம். நான் தினம் மலைக்கு மேல ஏலத் தோட்ட வேலைக்குப் போறேன். காலைல 5 மணிக்கு ஜீப்பு ஏறினா திரும்ப வர சாயங்காலம் 6 ஆயிரும். மகளுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறா. 13 வயசுல பெரிய மனுஷியானா. மொத ஒரு வருசம் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப ஒரு வருசமா மாசாமாசம் மொத நாள் சுருண்டு படுத்துக்கிறா. வாந்தி எடுக்கிறா, வயிறும் போகுது. ரெண்டாம் நாள் மதியத்துக்கு மேல தானா எந்திரிச்சிருவா. மெடிக்கல்ல கேட்டு வாங்கி வச்ச மாத்திரையை நான் வந்து, தாங்க முடியாம அழுதா மட்டும் ஒண்ணு குடுப்பேன். கேக்கவே மாட்டேங்குது. வலி மாத்திரை போட்டா கர்ப்பப்பை கெட்டுப்போகும், கல்யாணம் ஆனா சரியாயிரும்னு மாமியார் சொல்றாங்க. தோட்டத்துல கூட வேலை பாக்குற சேச்சி அரிஷ்டம் குடுங்கிறாங்க. பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு இதே மாதிரி வலின்னு மதுரைல ஆபரேஷனே பண்ணிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. எது சாதாரண வலி, எது இல்ல?

*

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் "நான் வந்து" என்ற இரண்டு சொல். காலையில் தொடங்கிய வலிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரை கேட்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த நேரத்தில் எந்த மாத்திரையும் கேட்டிருக்காது. ஏன் என்று புரிந்துவிட்டால் எது சாதாரணம், எது இல்லை என்கிற உங்கள் கேள்விக்கும் பாதி வழி கிடைத்துவிடும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கர்ப்பப்பை என்பது உள்ளே மெத்தென்ற ஒரு சவ்வும், அதைச் சுற்றிக் கெட்டியான தசையும் உள்ள பை. மாதத்தின் நடுவில் சினைமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரான் என்கிற ஹார்மோன் சுரந்து அந்தச் சவ்வைத் தாங்கிப் பிடித்திருக்கும். கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் அந்த ஹார்மோன் சரிந்துவிடும். தாங்கல் போனதும் சவ்வு உடையத் தொடங்கும். அப்படி உடையும்போது அதிலுள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரித்து விடும். கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிந்து உதிரத்தை வெளியே தள்ளுவது இதன் வேலை. அளவோடு இருந்தால் லேசான பிசைவோடு போய்விடும். அளவு மீறினால் தசை விடாமல் இறுகும். அதன் நடுவே ஓடும் ரத்தக்குழாய்கள் நெரிபடும். விரலில் நூலை இறுகச் சுற்றினால் சிறிது நேரத்தில் ஒரு கடுப்பு வருமே, ரத்தம் போகாத தசையின் வலி அந்த ரகம்தான். அடிவயிற்றில் தொடங்கி இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும்.

இந்தப் பொருளில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். குடலுக்குப் போனால் அதையும் பிழியும், வயிறு போகும். குமட்டல், வாந்தி, தலைவலி எல்லாம் இதோடு சேர்ந்து வருபவைதான். நிறையப் பேர் அந்த முதல் நாள் பேதிக்குத் தனியாக ஒரு மாத்திரை, வாந்திக்கு ஒன்று, 'கேஸு'க்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே ஊற்றிலிருந்து வருகிற தண்ணீரை நாலு குடத்தில் பிடிக்கிற கதை.

இப்போது நீங்கள் எழுதிய இன்னொரு விவரத்தைப் பாருங்கள். வயதுக்கு வந்து முதல் ஒரு வருடம் தொந்தரவில்லை என்கிறீர்கள். இது நல்ல சேதி. தொடக்கத்தில் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கு முட்டை ஒழுங்காக வெளியாகாது. முட்டை இல்லையென்றால் புரோஜெஸ்டிரான் இல்லை. அது ஏறவும் இல்லை, சரியவும் இல்லை என்றால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து முட்டை வெளியாவது ஒழுங்குக்கு வந்த பிறகுதான் இந்த வலி ஆரம்பிக்கும். அதோடு, உங்கள் மகளுக்கு உதிரம் படும் நாளில் வலி வந்து இரண்டாம் நாளோடு விலகுகிறது. சவ்வு அதிகமாக உடையும் நேரமும் அதுதான். வயதுக்கு வந்து ஆறு மாதமாவது கழித்துத் தொடங்குவது, உதிரத்தோடு வருவது, இரண்டு மூன்று நாளுக்குள் போவது, மாதத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது என்ற இந்த உருவத்தில் வருகிற வலிக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு நோய் இருப்பதில்லை. சாதாரண வலி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தாங்கிக்கொள்ளக்கூடிய வலி என்ற அர்த்தத்தில் சொல்வதில்லை. மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகமுடியாத பிள்ளைக்கு வைத்தியம் தேவை, காரணம் சாதாரணமாக இருந்தாலும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஐபுபுரூஃபென், மெஃபெனாமிக் ஆசிட், நாப்ராக்ஸென் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். இந்த மாத்திரைகள் அந்த நொதியைக் கட்டிப்போடும். புதிதாகத் தயாராவது நிற்கும். ஏற்கெனவே தயாராகி, தசையைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருப்பதை அழிக்கும் சக்தி இவற்றுக்குக் கிடையாது. பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வயலுக்குள் தண்ணீர் ஏறும் முன்னே மடையை அடைத்தால் பயிர் தப்பும். வயல் முங்கிய பிறகு அடைத்தால், நின்ற தண்ணீர் வடியும்வரை காத்துக் கிடக்கத்தான் வேண்டும். காலை ஏழு மணிக்கு உதிரம் படுகிறது என்று வைத்துக்கொண்டால், சாயங்காலம் ஆறு மணிக்கு மடையை அடைக்கிறீர்கள். அதற்குள் பதினோரு மணி நேரம் வயல் முங்கிக் கிடக்கிறது. போதாததற்கு அப்போது வாந்தி வேறு. போட்ட மாத்திரை வயிற்றில் தங்கியதா என்பதே சந்தேகம்.

அழுதால் மட்டும் கொடுப்பது என்பதைத் தலைகீழாக மாற்றுங்கள். அழுவதற்கு முன்னால் கொடுக்கவேண்டும். மாதச் சுற்று ஒழுங்காக இருந்தால், நாளைக்கு ஆகிவிடும் என்று இடுப்புக் கனத்திலேயே அவளுக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பிட்டவுடனே தொடங்கலாம். தெரியாவிட்டால் துணியில் முதல் பொட்டு பட்டதுமே. 15 வயது, நாற்பது கிலோவுக்கு மேல் எடை என்றால் ஐபுபுரூஃபென் 400 மில்லிகிராம் ஒன்று, ஏதாவது சாப்பிட்ட பிறகு. அதன் வேலை ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் இருக்கும். அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று. வலி இருக்கிறதோ இல்லையோ இரண்டு நாளைக்குக் கொடுங்கள். தேவைப்பட்டால் மூன்றாம் நாளும். அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றுக்கு மேல் நாலாவது போடக்கூடாது. இந்தக் குடும்பத்து மாத்திரை இரண்டைச் சேர்த்தும் போடக்கூடாது. சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறு புண்ணாவதுதான் கூடும். போட்ட சிறிது நேரத்தில் மாத்திரை முழுசாக வாந்தியில் வந்துவிட்டால் மட்டும் ஒன்று திரும்பக் கொடுக்கலாம்.

நீங்கள் ஐந்து மணிக்கு ஜீப் ஏறிவிடுவீர்கள். ஆகவே மாத்திரை அவள் கையில் இருக்கவேண்டும். பெண் பிள்ளை கையில் மாத்திரை அட்டையைக் கொடுக்கப் பயப்படுகிற தாய்மார் நிறைய உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முழு அட்டை கொடுக்க வேண்டாம். ஆறு மாத்திரையைக் கத்தரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஸ்கூல் பையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளைக்கு அதுதான் கணக்கு. காலையில் இட்லி சாப்பிட்டு ஒன்று, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ராத்திரி நீங்கள் வந்த பிறகு ஒன்று. எட்டு மணி நேரம் அச்சாக வராது, பரவாயில்லை. இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மெடிக்கலில் கொடுத்த அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் 'பீரியட்ஸ் வலி' என்று கேட்டால் அநேகமாகத் தருவது மெஃபெனாமிக் ஆசிட் 250 மில்லிகிராமும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் கலந்த மாத்திரை. மெஃபெனாமிக்கின் வழக்கமான முதல் வேளை அளவு 500. அப்படியானால் நீங்கள் நேரம் கடந்து கொடுத்தது பாதி அளவுதான். அதில் கலந்திருக்கும் டைசைக்ளோமின் குடலின் இழுப்பைத் தளர்த்துகிற மருந்து. புரோஸ்டாகிளாண்டினை அது தொடுவதில்லை. நாக்கு வறட்சியும் தூக்கக் கலக்கமும் கொடுக்கும். பரீட்சை அன்று இதைப் போட்டுவிட்டு எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் விருப்பம் தனி ஐபுபுரூஃபென். அது ஒத்துவராவிட்டால் தனி மெஃபெனாமிக் 500, நாளுக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பின். பாராசிட்டமால் இந்த வலிக்குச் சற்று மந்தம். ஆனால் மற்றவை போடக்கூடாத பிள்ளைகளுக்கு அதுதான் துணை.

போடக்கூடாதவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு வலி மாத்திரை போட்டு மூச்சுத்திணறலோ தடிப்போ வந்தவர்கள். வீசிங் இருக்கும் பிள்ளை என்றால் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். அப்புறம், மழைக்காலத்தில் டெங்கு சுற்றும்போது, காய்ச்சலோடு மாதவிலக்கும் சேர்ந்து வந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவேண்டாம், பாராசிட்டமால் மட்டும். டெங்குவில் ரத்தம் கசியும் அபாயத்தை இவை கூட்டும். வாந்தியும் பேதியுமாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தங்காத நிலையிலும் நிறுத்திவிடுங்கள், காய்ந்துபோன உடம்பில் சிறுநீரகத்தை இவை பாதிக்கும். மெஃபெனாமிக் பற்றி 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்கு, மருந்து போட்டுச் சில வாரம் கழித்து, காய்ச்சலும் உடம்பெங்கும் தடிப்பும் நெறிகட்டுவதுமாக ஓர் ஒவ்வாமை வரலாம் என்று. அரிதுதான், ஆனால் அப்படி வந்தால் பழைய மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு பாதி அனுபவ உண்மை. வயது ஏறும்போது, குழந்தை பெற்ற பிறகு, இந்த வலி பலருக்குக் குறைகிறது. அதற்காகப் பத்தாவது படிக்கிற பிள்ளையைப் பத்து வருடம் சுருண்டு படுக்கச் சொல்வதா? மறுபாதி சரியில்லை. மாதம் இரண்டு மூன்று நாள் போடுகிற மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது, பிள்ளைப்பேற்றைத் தடுக்காது. அதன் கெடுதல் இரைப்பையிலும் சிறுநீரகத்திலும்தான், அதுவும் முன் சொன்ன ஆட்களுக்கு, வெறும் வயிற்றில், அளவு தாண்டினால். சேச்சி சொல்கிற அரிஷ்டம் மலைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற சமாச்சாரம். புளிக்கவைத்துச் செய்வது, அதனால் தானாக உண்டாகிய ஆல்கஹால் அதில் உண்டு, புட்டியிலேயே எழுதியிருக்கும். முதல் நாள் வலியை நிறுத்தும் வேகம் அதற்கு இல்லை. அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னால் நான் ஒரு தடையும் சொல்லமாட்டேன். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். வெறும் தோலில் வைக்காமல் துணி சுற்றி வைக்கவேண்டும்.

இனி நீங்கள் பயப்படுகிற பக்கம்.

நான் மேலே சொன்ன மாத்திரை முறை வைத்தியம் மட்டுமல்ல, அதுவே ஒரு சோதனையும்கூட. சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், தொடர்ந்து மூன்று மாதம். சாதாரண வலி என்றால் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்பட்டுவிடும். முழுசாகப் போகாது, ஆனால் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வரும். மூன்று மாதமும் ஒழுங்காகப் போட்டும் சுருண்டுதான் படுக்கிறாள் என்றால், 'இது வேறு ஏதோ' என்று நாங்கள் தேடத் தொடங்குவோம். நேரம் தவறிப் போட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. மாத்திரை கேட்கவில்லை என்று சொல்லி வருகிற பத்துத் தாய்மாரை உட்காரவைத்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் உங்களைப் போலத்தான் பதில் சொல்கிறார்கள். அதனால் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு உதிரம் பட்டது, எத்தனை மணிக்கு வலி வந்தது, மாத்திரை எப்போது, ஒரு மணி நேரம் கழித்து எப்படி, எந்த நாளில் நின்றது. வலி எந்தப் பக்கம் என்பதும்.

பக்கத்தை ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு பிள்ளையின் கதை. அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மலைக்கு மேலே தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பெண்ணுக்கு 14 வயது. வயதுக்கு வந்து மூன்றாவது மாதமே வலி ஆரம்பித்துவிட்டது. உதிரம் மாதம் தவறாமல் சரியாகப் போகிறது. ஆகவே யாருக்கும் உள்ளே அடைப்பு இருக்கும் என்று தோன்றவில்லை. ஓர் இடத்தில் கேஸ் என்றார்கள், இன்னோர் இடத்தில் குடல்வால் என்றார்கள். என்னிடம் வந்தபோது நானும் சாதாரண வலி என்றே நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவள் அம்மா தவறாமல் நேரத்துக்குக் கொடுத்தார். முதல் மாதம் கொஞ்சம் கேட்டது, அடுத்த மாதம் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் வந்தபோது உதிரம் நின்று நாலு நாள் ஆகியும் வலி நிற்கவில்லை. கையை வைத்துக் காட்டு என்றேன். அடிவயிற்றின் வலது ஓரத்தையே மூன்று முறையும் காட்டினாள். முதல் வருகையிலேயே இதைக் கேட்டிருக்கவேண்டும், நான் கேட்கவில்லை.

வயிற்று ஸ்கேன் எடுத்ததில் வலது சிறுநீரகமே இல்லை. பிறவியிலேயே. அதைப் பார்த்த உடனே விஷயம் விளங்கிவிட்டது. கருவில் சிறுநீரகமும் கர்ப்பப்பையும் ஒன்றையொன்று சார்ந்தே உருவாகின்றன. ஒரு பக்கச் சிறுநீரகம் உருவாகவில்லை என்றால் அந்தப் பக்கத்துக் கர்ப்பப்பைக் குழாயும் ஒழுங்காகச் சேராமல் போயிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அவளுக்கு இரண்டு கர்ப்பப்பை இருந்தது தெரிந்தது. இடது பக்கத்தின் உதிரம் வெளியே வந்துகொண்டிருந்தது, அதைத்தான் எல்லோரும் பார்த்து 'பீரியட்ஸ் சரியாக வருகிறது' என்றோம். வலது பக்கத்து வழியை ஒரு சவ்வுச் சுவர் மறித்திருந்தது. மாதாமாதம் அந்தப் பக்கத்து உதிரம் உள்ளேயே தேங்கி, பழையது போகாமல் புதியது சேர்ந்து, பை வீங்கிக்கொண்டே போயிருக்கிறது. அதனால்தான் வலியும் மாதம் மாதம் ஏறியது. புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிற மாத்திரை, அடைபட்டு வீங்குகிற பையின் வலியை என்ன செய்யும்? கீழ்வழியாகவே அந்தச் சுவரை வெட்டி எடுத்து, தேங்கியதை வடித்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு வந்தது இரண்டு ஐபுபுரூஃபெனுக்கு அடங்குகிற வலி.

இது அபூர்வம். உங்கள் மகளின் வலி இந்த உருவத்தில் இல்லை. ஆனால் இதன் சுவடுகளை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ளலாம். வயதுக்கு வந்த உடனேயே கடுமையாகத் தொடங்குவது, மாதம் ஏற ஏற வலியும் ஏறுவது, ஒரே பக்கம் பிடிப்பது, உதிரம் நின்ற பின்னும் தொடர்வது. இதே வகையில் இன்னொன்று, வயதுக்கே வராத 14, 15 வயதுப் பிள்ளைக்கு மாதம் ஒருமுறை கணக்காக அடிவயிறு வலிப்பது. அங்கே வழி முழுசாக அடைபட்டிருக்கலாம், உடனே காட்டவேண்டும்.

இவற்றைவிட அதிகமாக நாங்கள் காண்பது எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பை மீதோ குடல் மீதோ அடிவயிற்றுச் சுவர் மீதோ ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் புண்ணாகிற நோய். பெரியவர்களுக்கு மட்டும் வருவது என்று என் படிப்புக் காலத்தில் நினைத்தோம். இப்போது வளரிளம் பிள்ளைகளின் அடங்காத மாதவிலக்கு வலிக்கு மறைந்திருக்கும் காரணங்களில் இதுதான் முதல் இடத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் இது இருந்திருக்கலாம், சினைப்பைக் கட்டியும் இருந்திருக்கலாம். ஆபரேஷன் என்ற ஒரு சொல்லை வைத்து நான் தீர்மானிக்க முடியாது. எண்டோமெட்ரியோசிஸ் வலி பலருக்கு மாதவிலக்கு நாளோடு நிற்பதில்லை, நடுவிலும் வரும். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ உயிர் போகிற மாதிரி வலித்தால் அது முக்கியமான குறிப்பு. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் சந்தேகம் கூடும். உங்களுக்கு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது? டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல், இளம்பிள்ளைகளிடம் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கட்டி உருவாகும் அளவுக்கு நோய் வளர்ந்திருக்காது. 'ஸ்கேன் நார்மல், மனசுதான் காரணம்' என்று பிள்ளையைத் திட்டி அழைத்துப் போன அப்பாக்களை எனக்குத் தெரியும். ஸ்கேன் நார்மல் என்றால் கட்டியும் அடைப்பும் இல்லை என்று அர்த்தம், நோயே இல்லை என்று அர்த்தமில்லை. உறுதியாகத் தெரிய, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி வேண்டும். அதற்கு எடுத்த எடுப்பில் யாரும் போகமாட்டோம். முதலில் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்.

அந்த அட்டையைப் பார்த்ததும் வீட்டில் ஒரு கலவரம் நடக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை அல்லவா இது, கல்யாணமாகாத பிள்ளைக்கா என்று. ஆமாம், அதே மாத்திரைதான். முட்டை வெளியாவதை நிறுத்தி, கர்ப்பப்பைச் சவ்வை மெலிதாக்குகிறது. மெலிந்த சவ்வு உடையும்போது புரோஸ்டாகிளாண்டின் குறைவாகவே தயாராகும். ஐபுபுரூஃபென் மடையை அடைக்கிறது என்றால் இது வாய்க்காலில் வருகிற தண்ணீரையே குறைக்கிறது. நிறுத்தினால் முட்டை பழையபடி வெளியாகத் தொடங்கும், பிற்காலத்துப் பிள்ளைப்பேறு பாதிக்காது. கண்முன் ஒளி மின்னிவிட்டு வருகிற ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்திருந்தாலோ சொல்லிவிடவேண்டும், அப்போது வேறு வகை தருவார்கள். இதை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். இதற்கும் மூன்று மாதம் அடங்கவில்லை என்றால்தான் லேப்ராஸ்கோப்பி பற்றிப் பேசுவோம்.

டாக்டரிடம் போனால் உள்சோதனை செய்துவிடுவார்களோ என்பதற்காகவே பிள்ளையைக் கூட்டிவராத அம்மாக்கள் உண்டு. இப்படிப்பட்ட வலிக்கு இந்த வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டும்போது வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற ஸ்கேன் போதும்.

மூன்று மாதம் என்று நான் சொன்ன கணக்கு சில சமயங்களில் பொருந்தாது. திடீரென்று ஒரு பக்கம் வெட்டி இழுக்கிற வலி, விடாத வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அன்று ராத்திரியே போகவேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் சினைப்பையே போய்விடும். வலியோடு காய்ச்சல், மயக்கம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற உதிரப்போக்கு, நாள் தள்ளிப்போய் அதன்பின் வலி, இவற்றுக்கும் அப்படியே. நாள் தள்ளியதைக் கேட்டால் அம்மாவைத் தனியே வெளியே நிற்கச் சொல்லிப் பிள்ளையிடம் பேசுவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இன்றைக்கு ஸ்கேன் வேண்டாம். அடுத்து வரும் மூன்று மாதவிலக்குக்கு நான் எழுதியபடி கொடுத்துப் பாருங்கள். அடங்கினால் அதையே தொடரலாம். அடங்காவிட்டால் ஒரு வேலைநாளை விட்டுக்கொடுத்து, க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப்போங்கள். நோட்டையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு எழுதும்போது இரண்டு சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.